கீழ் வளைவில் எல்போவா, லாங் பெண்டா?

கேள்வி: மேல் தளத்து கிச்சன், பாத்ரூம் தண்ணி எல்லாம் ஒரே 4 இன்ச் பைப்பில் இறங்கி வெளியே சேம்பருக்குப் போகுது. மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவை கீழே திரும்புற இடத்துல அடைச்சுக்குது. ஒரு பிளம்பர் எல்போவை எடுத்துட்டு லாங் பெண்ட் போடணும்கிறார். இன்னொருத்தர் "வளைவுல ஒண்ணும் இல்ல சார், வாட்டம்தான் முக்கியம்"கிறார். யார் சொல்றதைக் கேக்கறது?

பதில்: முதல் பிளம்பர் சொன்னதைக் கேளுங்கள். எல்போ என்பது சட்டென்று குறுகலாகத் திரும்பும் வளைவு, லாங் பெண்ட் என்பது அகலமாக மெல்லத் திரும்பும் வளைவு. ஆனால் இரண்டாமவரை வேலை முடியும்வரை பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். வாட்டம், அதாவது பைப்பின் சரிவு, சரியில்லாமல் வளைவை மட்டும் மாற்றினால் செலவுதான் மிஞ்சும். வாட்டம் சரியாக இருந்தும் வளைவு குறுகலாக இருந்தால் இப்போது நடப்பதுதான் திரும்பவும் நடக்கும்.

மேலிருந்து இறங்கும் நேர்பைப்பில் தண்ணீர் நடுவில் திரண்டு விழுவதில்லை. சுவரைச் சுற்றி ஒட்டிக்கொண்டு ஒரு படலமாக இறங்கும்; நடுவில் காற்று இருக்கும். சுவரின் உராய்வு பிடித்து இழுப்பதால் வேகம் ஓர் அளவுக்கு மேல் ஏறாது. 4 இன்ச் என்று சொல்லும் 110 மி.மீ. பைப்பில் நல்ல ஓட்டம் வரும்போது அது நொடிக்கு 3 முதல் 4 மீட்டர் வரை இருக்கும். அதே தண்ணீர் தரைக்குக் கீழே குறுக்கே திரும்பியதும், 60-க்கு 1 வாட்டத்தில், அதாவது 60 செ.மீ. நீளத்துக்கு 1 செ.மீ. இறக்கத்தில், பாதி பைப் நிறைய ஓடினால்கூட நொடிக்கு ஏறக்குறைய 1.1 மீட்டர்தான் ஓடும். சிங்க் தண்ணீர் மட்டும் மெலிதாக ஓடும்போது அதிலும் பாதிதான். ஆக, மூன்று நான்கு மீட்டர் வேகத்தில் வரும் தண்ணீர் சில அடி தூரத்துக்குள் ஒரு மீட்டருக்கு இறங்கியாக வேண்டும். அந்த வேகம் எங்கே, எப்படிக் குறைகிறது என்பதைப் பொறுத்துத்தான் அடைப்பு வருவதும் வராததும்.

வளைவு பெரிதாக இருந்தால் படலமாக வந்த தண்ணீர் வெளிப்பக்கச் சுவரைப் பற்றிக்கொண்டே திரும்பி, பைப்பின் அடிப்பக்கத்தில் ஒன்று சேர்ந்து முன்னோக்கியே ஓடும். வேகத்தில் கணிசமான பங்கு மிஞ்சியிருப்பதால் கூடவே வந்த மலம், சோற்றுப்பருக்கை, காகிதம் எல்லாவற்றையும் சில மீட்டர் தள்ளிக்கொண்டு போய்விடும். குறுகிய எல்போவில் திரும்ப இடம் இல்லை. உள்பக்கச் சுவரில் இறங்கிய தண்ணீர் நேராகப் போய் எல்போவின் குதியில், அதாவது அதன் வெளிப்பக்க மூலையில், மோதுகிறது. வெளிப்பக்கமாக வந்த தண்ணீரும் அதோடு முட்டிக்கொள்கிறது. வேகமெல்லாம் தெறிப்பதிலும் சுழல்வதிலும் கரைந்துவிட, பின்னால் வரும் தண்ணீர் முன்னால் தயங்கி நிற்கும் தண்ணீரின் மேல் ஏறி, எல்போவைத் தாண்டிய கொஞ்ச தூரத்தில் பைப்பைக் கூரைவரை நிரப்பும். அடுத்த நொடி அது வடிந்ததும், சுமந்து வந்ததை அங்கேயே போட்டுவிட்டு தெளிந்த நீர் மட்டும் போய்விடும். நீர்மட்டம் இப்படித் துள்ளி எழுவது பெண்ட் போட்டாலும் நடக்கும். ஆனால் எழும் உயரம் குறையும், நடக்கும் இடமும் வளைவை விட்டுத் தள்ளிப் போகும்.

இதனால்தான் "எல்போவில் அடைப்பு" என்று எல்லோரும் சொன்னாலும், வெட்டிப் பார்த்தால் எல்போ பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். மதுரையில் ஒரு வீட்டில் இதே மாதிரி லைனை அறுத்தபோது எல்போவின் குதி தேய்த்துக் கழுவியதுபோல வழவழவென்று இருந்தது. அதைத் தாண்டி ஒரு சாண் தள்ளி ஆரம்பித்து, பைப்பின் அடியில் பிறை வடிவத்தில் சாம்பல் நிறப் பொருக்கு ஒன்று இரண்டடி நீளத்துக்குப் படிந்திருந்தது. ஆரம்பத்தில் பாதி பைப் உயரம், போகப் போக மெலிந்து ஒன்றுமில்லாமல் போனது. நகத்தால் கீறினால் மெழுகு மாதிரி வந்தது. அதற்குள் தேங்காய்நார், தலைமுடி, டீத்தூள். வீட்டில் போர் தண்ணீர். அதில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் சமையல் எண்ணெயும் சோப்பும் சேர்ந்தால் இப்படித்தான் இறுகும். வெந்நீர் ஊற்றினால் கரைந்துவிடும் என்று நம்பி அந்த வீட்டார் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். எண்ணெயாக மட்டும் இருந்திருந்தால் கொஞ்சம் இளகியிருக்கும். சுண்ணாம்போடு சேர்ந்து சோப்பாக மாறிய பொருக்கை வெந்நீர் ஒன்றும் செய்யாது.

உங்கள் லைனிலும் கிச்சன் தண்ணீர் இதே பைப்பில் சேர்வதால் இந்தக் கதையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். உடைப்பதற்கு முன்னால் உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. சேம்பர் மூடியைத் திறந்து ஒருவர் நிற்க, மாடியில் இன்னொருவர் ஒரு பக்கெட் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றட்டும். லைன் நன்றாக இருந்தால் சில நொடிகளில் தண்ணீர் ஒரு வீச்சாக வந்து, சட்டென்று குறைந்து நிற்கும். அடியில் படிவு இருந்தால் வந்து சேரவே தாமதமாகும். பிறகு மெல்லிய ஓட்டமாக நெடுநேரம் வடிந்துகொண்டே இருக்கும். வந்து சேர்ந்த தண்ணீர் சேம்பரிலேயே தேங்கி நின்றால் கோளாறு அதற்கு அப்பால். வளைவைத் தொடவே வேண்டாம்.

காற்று காட்டிக்கொடுக்கும் அறிகுறி இன்னொன்று. மேலே ஃபிளஷ் செய்யும்போது தரைத்தளத்து பாத்ரூமில் தரைத் தண்ணீர் வடியும் நானி ட்ராப்பில் குபுகுபுவென்று சத்தம் வருகிறதா? வாஷிங் மெஷின் தண்ணீர் விடும்போது அங்கே நுரை பொங்குகிறதா? இறங்கும் தண்ணீர் தன்னோடு காற்றையும் இழுத்துக்கொண்டு வருகிறது. கீழே பைப் ஒரு கணம் நிறைந்து அடைபட்டால் அந்தக் காற்று போக வழியில்லாமல் பக்கத்தில் இருக்கும் இணைப்பு வழியாகப் புறப்படும். நுரை காற்றைவிட மோசம்: அழுத்தினால் கரையாது, கிடைத்த ஓட்டை வழியே பிதுங்கி வெளியே வரும். இங்கிலாந்தின் கட்டட விதிகளுக்கான வழிகாட்டி இதற்கு இரண்டு அளவுகள் சொல்கிறது. அடி வளைவின் ஆரம் பைப்பின் மையக் கோட்டில் அளந்தால் 200 மி.மீ.க்குக் குறையக் கூடாது. மூன்று தளங்கள் வரை உள்ள தனி வீட்டில், குறுக்கே போகும் பைப்பின் அடிமட்டத்திலிருந்து 450 மி.மீ. உயரத்துக்குள் எந்த இணைப்பையும் அந்த நேர்பைப்பில் சேர்க்கக் கூடாது. நம் ஊரில் தரைத்தள பாத்ரூமை வளைவுக்கு மேலேயே T வடிவ இணைப்பான ஒரு டீ வைத்துச் சேர்த்துவிடுவது சகஜம். உங்கள் வீட்டில் அப்படி இருந்தால், உடைக்கிறபோதே அதைத் தனிக் குழாயாகச் சேம்பருக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

இனி எதை வாங்குவது. கடையில் கழிவுநீருக்கும் மழைநீருக்கும் உள்ள எஸ்.டபிள்யூ.ஆர். பைப்புக்கான சாதாரண பெண்ட் 87.5 டிகிரி. அந்த இரண்டரை டிகிரி குறைவு, குறுக்கு பைப்புக்கு வாட்டம் கிடைப்பதற்காகவே. பல இடங்களில் இதற்குப் பதிலாகத் தண்ணீர் லைனுக்கு உள்ள 90 டிகிரி பிரஷர் எல்போவைப் போட்டுவிடுகிறார்கள். கெட்டியாக இருக்கிறதே என்று வீட்டுக்காரரும் சந்தோஷப்படுவார். அதில் வாட்டத்துக்கு இடமே கிடையாது, சாக்கெட்டுக்குள் பைப்பை நெம்பித்தான் வாட்டம் வரவழைக்க வேண்டும். உள்ளே பைப் முனை வந்து முட்டும் இடத்தில் ஒரு விளிம்பும் நிற்கும். நார் சிக்குவதற்கு அதுவே போதும். ஆனால் சாதாரண 87.5 பெண்டின் ஆரமும் பெரிதொன்றும் இல்லை, 60 மி.மீ. அளவில்தான் இருக்கும். பெயர் பெண்ட் என்றாலும் அடி வளைவுக்கு அது குறுகல்தான்.

நீண்ட ஆரமுள்ள ஒரே துண்டு பெண்ட் கிடைத்தால் அதைப் போடலாம். கிடைக்காவிட்டால் இரண்டு 45 டிகிரி பெண்ட். இங்கேதான் பெரும்பாலான வேலைகள் கோட்டை விடுகின்றன: இரண்டு 45-ஐயும் ஒன்றோடொன்று நேரடியாகச் செருகிவிடுவார்கள். அப்படிச் செருகினால் இரண்டு வளைவுகளின் மையங்களுக்கும் இடையே 55, 60 மி.மீ.தான் இருக்கும். இந்த இடைவெளியை 0.83-ஆல் வகுத்தால் தண்ணீர் உணரும் ஆரம் கிடைக்கும். 55-ஐ வகுத்துப் பாருங்கள், 66 மி.மீ. வரும். ஒற்றைப் பெண்டுக்கும் இதற்கும் ஏறக்குறைய ஒரே ஆரம்தான். 200 மி.மீ. ஆரம் வேண்டுமென்றால் மையத்துக்கு மையம் சுமார் 165 மி.மீ. வேண்டும். அதாவது இரண்டு 45-க்கும் நடுவே நாலரை இன்ச் நேரான பைப் துண்டு கூடுதலாக நுழைய வேண்டும். ஆறு இன்ச் கொடுத்தால் ஆரம் 245-ஐத் தாண்டும். ஜெர்மனியில் 10 மீட்டருக்கு மேல் உயரமுள்ள பைப்புகளுக்கு இந்த நடுத்துண்டு 250 மி.மீ. இருக்க வேண்டும் என்பது நடைமுறை. உங்கள் ஒரு மாடி வீட்டுக்கு ஆறு இன்ச் தாராளம். வித்தியாசம் முழுக்க அந்தத் துண்டில்தான் இருக்கிறது. அதை வைத்தாரா என்று நின்று பாருங்கள்.

இப்படிப் போட்டால் பள்ளம் ஆழமாகிவிடுமே என்று சிலர் தயங்குவார்கள். ஆகாது. குறுக்கு பைப்பின் மட்டம் அப்படியே இருக்கும். வளைவு அதற்கு மேலே, நேர்பைப்பு இருக்கும் உயரத்தில்தான் இடம் எடுத்துக்கொள்கிறது. சுவரிலிருந்து வெளிப்பக்கமாக மட்டும் ஒன்றரை அடி இடம் வேண்டும். சேம்பர் சுவரை ஒட்டியே கட்டியிருந்தால் சிக்கல்தான். அங்கே பெண்டின் முனையை நேராகச் சேம்பருக்குள் விட்டுவிடலாம். படிவு விழுந்தாலும் கைக்கு எட்டும் இடத்தில் விழும்.

மதுரை வீட்டில் நேர்பைப்பிலிருந்து சேம்பர் இரண்டரை மீட்டர் தள்ளி இருந்தது. பழைய லைனை ரசமட்டம் வைத்துப் பார்த்தபோது மொத்த இறக்கம் 2 செ.மீ.கூட இல்லை. அதிலும் எல்போவின் கீழே மண் அமுங்கி, பைப் ஆரம்பத்தில் தாழ்ந்து, நடுவில் மேடாகியிருந்தது. வாட்டம் பேசும் உங்கள் இரண்டாவது பிளம்பர் அங்கே இருந்திருந்தால் ஜெயித்திருப்பார். முதலில் அடியில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கான்கிரீட் போட்டு அது இறுகியதும், அதன்மேல் கீழ்ப்பக்க 45-ஐ உட்கார வைத்தார்கள். பிறகு ஆறு இன்ச் துண்டு, மேல் 45, அதற்கும் மேலே கைக்கு எட்டும் உயரத்தில் கதவு வைத்த டீ. சேம்பர் வரை 50-க்கு 1 வாட்டம், அதாவது இரண்டரை மீட்டருக்கு 5 செ.மீ. சாக்கெட் எல்லாம் தண்ணீர் வரும் திசையைப் பார்த்து. பைப்பும் ஃபிட்டிங்கும் டைப் பி. டைப் ஏ மழைநீருக்கும் காற்றுக் குழாய்க்கும் உள்ள மெலிந்த ரகம், இந்த வேலைக்கு ஆகாது. பக்கெட் ஊற்றிப் பார்த்தபோது தண்ணீர் வீச்சாக வந்து சேம்பரின் எதிர்ச்சுவரிலேயே தெறித்தது.

அந்தக் கதவு வைத்த டீயைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் டோர் பெண்ட் என்று ஒன்று விற்கிறார்கள், வளைவிலேயே மூடி இருக்கும். அதை மண்ணுக்குள் புதைத்து மேலே டைல்ஸும் ஒட்டிவிட்டால் அந்த மூடியால் யாருக்கு என்ன பயன்? டீயைத் தரைக்கு மேலே வைத்தால் ஸ்பிரிங்கோ மூங்கில் பத்தையோ நேராக இறங்கி இரண்டு 45-ஐயும் வளைந்து கடந்து சேம்பரை எட்டிவிடும். குறுகிய எல்போவில் அதே பத்தை குதியில் குத்தி நிற்கும். நாலு குத்துக்கு மேல் தாங்காமல் பி.வி.சி. விரிந்து, மண்ணுக்குள் கசிந்துகொண்டிருக்கும் வீடுகள் உண்டு. சுவரடியில் எப்போதும் ஈரம் தெரிந்தால் அதையும் சந்தேகப்படுங்கள்.

குறுக்கே ஓடும் பைப் குறுக்கேயே வேறு திசைக்குத் திரும்பும் இடம் அடுத்தது. வீட்டைச் சுற்றிக்கொண்டு போகும் லைன்களில் மூலைக்கு மூலை இது வரும். பஸ் திரும்பும்போது நிற்பவர்கள் வெளிப்பக்கம் சாய்வதுபோல, இங்கே தண்ணீர் வெளிச்சுவரில் ஏறும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் 200 மி.மீ. ஆரத்தில் திரும்பினால், கணக்குப்படி உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் நீர்மட்ட வித்தியாசம் சுமார் 5 செ.மீ. இதே கணக்கை 60 மி.மீ. எல்போவுக்குப் போட்டால் 17 செ.மீ. வருகிறது. பைப்பே 11 செ.மீ.தான். இதன் பொருள், தண்ணீர் அங்கே திரும்புவதில்லை, மோதித்தான் வழி கண்டுபிடிக்கிறது. உள்பக்க மூலையில் ஓட்டமே இல்லாத ஓர் ஓரம் உருவாகும். மண்ணும் பருக்கையும் அதில் ஒதுங்கும். நிறைந்து ஓடும் பைப்புக்கான கணக்கை வைத்து மதிப்பிட்டால், அந்த வேகத்தில் எல்போ ஒன்று நீண்ட பெண்டைவிட 3 செ.மீ. அளவுக்கு உயரத்தைக் கூடுதலாகத் தின்னும். 60-க்கு 1 வாட்டத்தில் அது 1.8 மீட்டர் பைப்புக்குக் கொடுத்த இறக்கம். வடிகால் நிறைந்து ஓடுவதில்லை என்பதால் இதைத் துல்லியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் மூலைக்கு ஒரு எல்போ என்று மூன்று இருந்தால், கொத்தனார் பார்த்துப் பார்த்து வைத்த வாட்டம் எங்கே போகிறது என்பது புரியும்.

வெளியே மண்ணில் திரும்புவதற்கு நல்ல வழி சேம்பர்தான். ஆனால் அதற்குள்ளும் இதே விதி. நாலு சுவர் எழுப்பி, அடியைச் சமமாகப் பூசி விட்டுவிட்டால் தண்ணீர் பரந்து, வேகம் செத்து, எல்லாம் அங்கே தங்கும். அடியில் பைப்பின் பாதி வட்ட அளவுக்கு வாய்க்கால் எடுத்து, அதை வளைவாகத் திருப்பி, இரண்டு பக்கமும் சரிவாகப் பூச வேண்டும். அரைநாள் கூலிகூட ஆகாது. ஆனாலும் கேட்டு வாங்காவிட்டால் செய்ய மாட்டார்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு வீட்டில் உள்ள எல்போ எல்லாவற்றையும் மாற்றச் சொல்லிவிடாதீர்கள். குறுக்கே வந்து கீழே விழும் இடத்தில் குறுகிய வளைவு தாராளமாகப் போதும். விழும் தண்ணீர் தானே வேகம் எடுத்துக்கொள்ளும், அங்கே படிய எதுவும் நிற்காது. அமெரிக்க பிளம்பிங் விதிகளே பொதுவாக இப்படிப் பிரிக்கின்றன: குறுக்கிலிருந்து நேராக இறங்கினால் குறுகிய வளைவு சரி, நேரிலிருந்து குறுக்கே திரும்பினாலும் குறுக்கிலிருந்து குறுக்கே திரும்பினாலும் நீண்ட வளைவு வேண்டும். காற்றுக் குழாய்க்கு எதைப் போட்டாலும் ஒன்றுதான்.

நீண்ட வளைவு கெடுதல் செய்யும் இடமும் ஒன்று உண்டு. சிங்க்கின் அடியில் வாடையைத் தடுக்க நீர் நிற்கும் ட்ராப்பிலிருந்து வரும் சின்னக் குழாய் நேர்பைப்பில் சேரும் இடத்தில் பெரிய வளைவோ சாய்ந்த Y வடிவ இணைப்போ வைத்தால், குழாயின் வாய் ட்ராப்பின் நீர்மட்டத்தைவிடக் கீழே இறங்கிவிடும். அப்போது போகிற தண்ணீர் குழாயை நிரப்பிக்கொண்டு, ட்ராப்பில் நிற்க வேண்டிய நீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். சிங்க் வடிந்து முடிந்ததும் கொர்ரென்று ஒரு சத்தம், கொஞ்ச நேரத்தில் கிச்சனில் சாக்கடை வாடை. அந்த இடத்தில் சாதாரண டீதான் சரி.

கிச்சன் லைனைத் தனியாகப் பிரித்து, ஒரு சின்ன எண்ணெய்ப் பிடிப்பு சேம்பர் வழியாகக் கொண்டுபோக முடிந்தால் அதையும் இதோடு செய்துவிடுங்கள். வளைவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் எண்ணெய் சுவரில் ஒட்டத்தான் செய்யும், கொஞ்சம் மெதுவாக ஒட்டும், அவ்வளவுதான். வாரத்துக்கு ஒருமுறை அந்தச் சேம்பரில் மிதக்கும் ஆடையை எடுத்துப்போட ஆள் இல்லையென்றால் அதைக் கட்ட வேண்டாம். சுத்தம் செய்யாத எண்ணெய்ச் சேம்பர் இன்னொரு அடைப்புக்கு இடம் கொடுத்ததாகத்தான் முடியும்.

மண்ணை மூடுவதற்கு முன் பக்கெட் சோதனையை இன்னொருமுறை செய்யுங்கள். இந்த முறை தண்ணீரோடு டாய்லெட் பேப்பரைக் கசக்கி நாலைந்து உருண்டை போட்டு ஊற்றுங்கள். எல்லாம் சேம்பருக்கு வந்து சேர்கிறதா என்று எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் டீயின் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ரசமட்டத்தை மறுபடி பைப்பின்மேல் வைக்கச் சொல்லுங்கள்.